சோதனை தொடங்கும் முன்பே எழுதவேண்டிய குறிப்பு

கிளாட் ஹாப்கின்ஸ் 1923-ல் 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அமெரிக்கப் பத்திரிகைகளில் தபால் கூப்பனோடு விளம்பரங்கள் வந்த காலம் அது. விளம்பரத்துக்கு விளம்பரம் கூப்பனில் வேறு வேறு அடையாளக் குறி இருக்கும். வாசகர்கள் கத்தரித்து அனுப்பிய கூப்பன்களைக் குறிவாரியாக எண்ணினால், எந்தத் தலைப்பு ஆளைக் கூட்டி வந்தது என்பது தெரிந்துவிடும்.

இன்று எண்ணுகிற வேலையை ஃபேஸ்புக்கும் கூகுளும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு விளம்பரத்தை என்ன நினைத்து ஓட்டினோம் என்பது அவற்றின் டேஷ்போர்டில் இருக்காது. ஆறு மாதம் கழித்து, "தள்ளுபடி நமக்கு எடுபடாது" என்று டீமில் ஒருவர் சொல்வார். எவ்வளவு தள்ளுபடி, யாருக்குக் காட்டினோம், அது பண்டிகை நேரமா என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. இதற்காகத்தான் சோதனைப் பதிவேடு. ஒரு கூகுள் ஷீட் போதும். சோதனைக்கு ஒரு வரிசை.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். இணையத்தில் ஃபில்டர் காபித்தூள் விற்கும் கடை. ஓர் ஆர்டர் 500 ரூபாய். இதுவரை '15 சதவீதத் தள்ளுபடி' விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத் தளத்துக்கு வரும் 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள். இப்போது தள்ளுபடி இல்லாமல், 'வறுத்த 48 மணி நேரத்தில் அனுப்புகிறோம்' என்ற விளம்பரத்தைச் சோதிக்கப் போகிறார்கள்.

பதிவேட்டில் முதலில் ஏறுவது ஊகம். 'புதிய விளம்பரம் நன்றாகப் போகும்' என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. 'புதியவர்கள் விலையை நினைத்துத் தயங்கவில்லை. தூள் எப்போது வறுத்தது என்று தெரியாமல் தயங்குகிறார்கள். அதைச் சொன்னால் ஆர்டர் ஐந்தில் ஒரு பங்காவது கூடும்' என்று எழுதவேண்டும். இதில் காரணமும் இருக்கிறது, பொய்யாகிப்போக வாய்ப்பும் இருக்கிறது.

அடுத்தது ஏற்பாடு. 2 சதவீதம் 2.4 ஆகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு விளம்பரத்துக்கும் சுமார் 20,000 வருகையாளர்கள் வேண்டும். அதற்கு இரண்டு முழு வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறுக்கும் திங்களுக்கும் ஆர்டர் ஒரே மாதிரி இருக்காது என்பதால் வாரத்தைப் பாதியில் வெட்டக்கூடாது. இரண்டையும் ஒரே ஆட் செட்டில் போட்டால், எது நன்றாகப் போகும் என்று ஃபேஸ்புக் கணிக்கிறதோ அதற்கே பணம் கூடுதலாகப் போகும். அதனால் ஆட்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஏ/பி டெஸ்ட் வசதியில் ஓட்டினோம் என்பதையும் குறிக்கவேண்டும்.

மூன்றாம் நாள் தள்ளுபடிக்கு 80 ஆர்டர், புதியதற்கு 104. 30 சதவீதம் அதிகம்! உடனே நிறுத்திவிட்டு முழுப் பணத்தையும் புதியதில் போடலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தொடங்கும் முன்பே எழுதிய முடிவுத் தேதிதான் அவர்களை இழுத்துப் பிடிக்கிறது. பதினான்காம் நாள் பார்த்தால் 400-க்கு 430. கூடுதல் ஏழரை சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இரு பக்கமும் 20,000 பேர் வந்திருக்கும்போது இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். உண்மையில் புதியது ஆறேழு சதவீதம் பின்தங்கியிருக்கலாம். இருபது சதவீதம் முந்தியும் இருக்கலாம்.

ஆகவே விளைவு என்ற கட்டத்தில் 'ஊகம் நிரூபணமாகவில்லை' என்றுதான் எழுதவேண்டும். தீர்மானத்துக்கு வேறு கட்டம் வேண்டும். தள்ளுபடியில் வந்த 400 ஆர்டரால் கிடைத்தது 1,70,000 ரூபாய். முழு விலைக்கு விற்ற 430 ஆர்டரால் 2,15,000 ரூபாய். ஆர்டர் ஏழு சதவீதம் குறைந்தாலும் தள்ளுபடி இல்லாததுதான் லாபம். எனவே புதிய விளம்பரத்தையே தொடரலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், அடுத்த வருடம் வருபவர் அதை 'வறுத்த நேரத்தைச் சொன்னால் விற்கும்' என்று படித்துவிடுவார். அது இன்னும் தெரியாத விஷயம்.

ஏற்பாட்டை மறுபடி படித்தால் இன்னொன்றும் புலப்படும்: இந்தச் சோதனையில் வாசகமும் மாறியிருக்கிறது, விலையும் மாறியிருக்கிறது. எது என்ன செய்தது என்று பிரிக்க முடியாது. எனவே அடுத்த வரிசையில் இரண்டு விளம்பரத்திலும் முழு விலை. ஒன்றில் மட்டும் வறுத்த நேரம்.

இப்படித் தெளிவில்லாமல் முடிந்த சோதனையைத்தான் டீம்கள் முதலில் அழித்துவிடுகின்றன. ஜெயித்தவை எப்படியும் விளம்பரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஜெயிக்காதவற்றுக்குப் பதிவேட்டைத் தவிர வேறு இடமில்லை. அங்கே எழுதாவிட்டால், புதிதாகச் சேருபவர் அதே 40,000 பேரை அதே செலவில் மறுபடி அழைத்துவந்து, அதே 400-க்கு 430-ஐப் பார்த்துக் குழம்புவார்.