பின்மண்டையைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய கிட்டார் ஒன்றை விளம்பரத்தில் பார்த்துப் பிடித்துப்போனவர், விற்பவரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் சீரியல் நம்பரைத்தான். விற்பவரும் தயங்காமல் படம் எடுத்து அனுப்பிவிடுவார். போலி விற்பவருக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. மரத்தில் எட்டு இலக்கங்களைப் பொறிக்க ஒரு முத்திரை அச்சு போதும். கிட்டாரில் செய்வதற்கு மிக எளிதான வேலையும் அதுதான். வாங்குபவர் அதிகம் நம்புவதும் அதைத்தான்.

உலகில் அதிகமாகப் போலி செய்யப்படும் கிட்டார்களில் ஒன்று, அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1952-இல் கொண்டுவந்த லெஸ் பால். அதன் ஸ்டாண்டர்ட் மாடலைப் புதிதாக வாங்கினாலே இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். அதே தோற்றத்தில், அதே பெயரை முகத்தில் தாங்கி, சில நூறு டாலருக்குப் போலிகள் கிடைக்கின்றன. 2024 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகத்தில் ஆசியாவிலிருந்து வந்திறங்கிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போலி கிப்சன்களைப் பிடித்ததாக அமெரிக்கச் சுங்கத்துறை அறிவித்தது. அவை அசலாக இருந்திருந்தால் மதிப்பு 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 1970-களில் ஜப்பானில் இபானெஸ், கிரெக்கோ, டோகாய் போன்ற கம்பெனிகள் லெஸ் பாலைப் பார்த்துப் பார்த்துச் செய்தன. ஆனால் முகத்தில் தங்கள் பெயரைத்தான் போட்டன. 1977-இல் கிப்சனின் அன்றைய தாய் நிறுவனமான நார்லின், இபானெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது வழக்குப் போட்டது. சண்டை முழுக்க ஹெட்ஸ்டாக்கின் வடிவத்தைப் பற்றி. அந்த ஜப்பானியக் கிட்டார்கள் நகல்கள். அவற்றை இன்று தேடிப்பிடித்து வாங்குபவர்கள் உண்டு. நாம் பேசுவது வேறு: கிப்சன் என்ற பெயரையே ஒட்டிக்கொண்டு வரும் போலிகளைப் பற்றி.

கற்பனையாக ஒரு விளம்பரத்தை வைத்துக்கொள்வோம். ‘1995 லெஸ் பால் ஸ்டாண்டர்ட், ஒரே கை, அவசர விற்பனை.’ விலை சந்தை விலையில் பாதி. ஐந்தாறு படங்கள். அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம்?

முதல் படம் ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம், அதாவது தந்தி முறுக்கும் ஆணிகள் இருக்கும் தலைப்பகுதி. கிப்சன் தலையின் உச்சியில் இரண்டு வளைவுகள் இறங்கி நடுவில் ஒரு சிறு பள்ளத்தில் சந்திக்கும். விரித்துவைத்த புத்தகத்தை மேலிருந்து பார்த்ததுபோல் என்பார்கள். போலிகளில் அந்தப் பள்ளம் கூராகக் குத்தி இறங்கும், அல்லது வளைவே எழாமல் தட்டையாகக் கிடக்கும். ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். அசல் கிப்சனிலும் தலையின் விளிம்பு கையால் தேய்த்து முடிக்கப்படுவதால் கிட்டாருக்குக் கிட்டார் சிறிது மாறும். காலகட்டத்துக்குக் காலகட்டமும் மாறியிருக்கிறது. போதாததற்கு, செல்போன் கேமராவை அருகில் கொண்டுபோய் எடுத்தால் பக்கத்தில் இருக்கும் விளிம்பு பெருத்தும் தூரத்து விளிம்பு சிறுத்தும் விழும். நல்ல கிட்டாரும் போலியாகத் தெரியும். சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து, நேருக்கு நேராக எடுக்கச் சொல்லி, அதே ஆண்டின் அசல் படத்தோடு ஒப்பிட்டால்தான் பயன்.

பெரும்பாலானவர்கள் கேட்க மறப்பது பின்பக்கப் படத்தை. உண்மை அதிகம் இருப்பது அங்கேதான். லெஸ் பாலின் தலை, கழுத்தோடு நேராக இருக்காது. சுமார் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். கிப்சன் கழுத்தையும் சாய்ந்த தலையையும் ஒரே மஹோகனிக் கட்டையிலிருந்து வெட்டுகிறது. இதில் மரம் ஏராளமாக வீணாகும். மலிவாகச் செய்பவர்கள் வீணாக்குவதில்லை. மெல்லிய கட்டையைச் சரிவாக அறுத்து, துண்டைத் திருப்பி ஒட்டித் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள். அந்த ஒட்டு, தலைக்குப் பின்னாலோ கழுத்தின் மேற்பகுதியிலோ குறுக்கே ஓடும் ஒரு நேர்கோடாகத் தெரியும். கோட்டின் இருபுறமும் மரத்தின் ரேகைகள் பொருந்தாமல் நிற்கும். அது தரக்குறைவான ஒட்டு அல்ல. எபிபோன் போன்ற நேர்மையான கிட்டார்களிலும் உண்டு. ஆனால் கிப்சன் என்று பெயர் போட்ட லெஸ் பால் ஸ்டாண்டர்டில் அது இருக்கக் கூடாது.

அசலில் இருக்கவேண்டிய கோடுகள் வேறு. கழுத்துக்கான கட்டை தலையின் முழு அகலத்துக்குப் போதாது என்பதால், தலையின் இரு ஓரங்களிலும் சிறு பட்டைகளைக் காதுபோல் ஒட்டியிருப்பார்கள். பின்பக்கத்தில் விளிம்பிலிருந்து சற்று உள்ளே, கழுத்தின் நீளவாக்கில் இரண்டு மெல்லிய கோடுகள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் படம் எடுத்தால் தெரியும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அந்தச் சாய்வினாலேயே கிப்சன் தலைகள் கீழே விழுந்தால் முறிவதற்குப் பேர்போனவை. முறிந்து ஒட்டிய அசலிலும் ஒரு கோடு இருக்கும். முறிவு, ரேகையோடு கிழிந்து, வளைந்து நெளிந்து போகும். ரம்பத்தால் அறுத்த ஒட்டு நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும். முதலாவதில் கிட்டார் அசல், விலைதான் குறையவேண்டும். இரண்டாவதில் பேச்சுவார்த்தையை முடித்துக்கொள்ளலாம்.

தலையின் முன்பக்கத்தில், தந்திகளுக்கு அடியில் மணி வடிவத்தில் ஒரு கறுப்புத் தகடு இருக்கும். லெஸ் பாலில் அதை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். போலிகள் பலவற்றில் மூன்று. தகட்டை வாங்கி மாற்றிவிடலாம் என்பதால் அதைக் கழற்றி உள்ளே ஒரு படம் கேளுங்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் முனையில் அறுகோணப் பித்தளை நட் இருந்தால் நல்லது. ஆலன் சாவி நுழைக்கும் குழி இருந்தால் சந்தேகம் பலக்கிறது. ஒரு திருப்புளியும் இரண்டு நிமிடமும் போதும் இதற்கு.

அடுத்து, விரல்பலகையில் பதித்திருக்கும் வெண்மையான வடிவங்கள். ‘அசல் என்றால் சிப்பி, போலி என்றால் பிளாஸ்டிக்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் மாடலில் நிலைமை கிட்டத்தட்ட தலைகீழ். தலையில் உள்ள கிப்சன் என்ற பெயர் முத்துச்சிப்பியில் பதித்தது; ஆனால் விரல்பலகையில் உள்ள சரிவகங்கள் சிப்பிபோல் அலையடிக்கும் பிளாஸ்டிக். 1950-களிலிருந்தே அப்படித்தான். ஆகவே விரல்பலகையில் பச்சையும் நீலமுமாக மின்னும் நிஜச் சிப்பியைப் பார்த்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம்.

பொருளைவிட இடத்தைப் பார்ப்பது மேல். ஸ்டாண்டர்டில் சரிவகங்கள் மூன்றாவது ஃபிரெட்டில்தான் தொடங்கும். விலையுயர்ந்த கஸ்டம் மாடலில் செவ்வகக் கட்டங்கள், அவை முதல் ஃபிரெட்டிலேயே தொடங்கும். தலையிலும் பிளவுபட்ட வைர வடிவம் ஒன்று பெரிதாக இருக்கும். போலி செய்பவருக்கு எல்லாமே அலங்காரம்தான். ஸ்டாண்டர்டின் சரிவகங்களையும் கஸ்டமின் வைரத்தையும் ஒரே கிட்டாரில் போட்டுவிடுவார்.

உலோகப் பாகங்களுக்கு வருவோம். தந்திகள் மேல் அமரும் பிரிட்ஜின் இரு ஓரங்களிலும், அகலமான திருப்புளி வெட்டுடன் பெரிய திருகுத் தலைகள் தெரிந்தால் அது ஆசிய மலிவு வகை பிரிட்ஜ் என்று அடையாளம் சொல்வார்கள். சரிதான், ஆனால் பிரிட்ஜைக் கழற்றி வேறொன்றை மாட்டக் கால்மணி நேரம் ஆகாது. அசல் கிட்டார்க்காரர் மலிவு பிரிட்ஜை மாட்டியிருக்கலாம். போலிக்காரர் அசல் பிரிட்ஜை வாங்கி மாட்டியிருக்கலாம். பாகத்தைவிட அதன் பூச்சு அதிகம் பேசும். நிக்கல் சற்று மஞ்சள் சாயலோடு இருக்கும், காலப்போக்கில் மங்கும். குரோம் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு, எளிதில் மங்காது. கிப்சன் 1960-களின் நடுவில்தான் நிக்கலிலிருந்து குரோமுக்கு மாறியது. ‘1959’ என்று விற்கப்படும் கிட்டாரில் குரோம் மின்னினால், பாகம் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது கதை மாற்றப்பட்டிருக்கிறது. தேய்மானத்தையும் பாருங்கள். வாசித்துத் தேய்ந்த கிட்டாரில் உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் பூச்சு போயிருக்கும். அமிலத்தில் முக்கிப் பழசாக்கிய பாகம், கை எட்டாத மூலையிலும் சமமாக மங்கியிருக்கும்.

கடைசியாக எண். 1977 முதல் 2005 வரை கிப்சன் பெரும்பாலும் பயன்படுத்திய எட்டு இலக்க முறையில், முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஆண்டு. இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. நம் விளம்பரத்தில் 93105672 என்று வைத்துக்கொள்வோம். 9-ஐயும் 5-ஐயும் சேர்த்தால் 1995. நடுவில் 310, அதாவது நவம்பர் 6. கடைசி மூன்று இலக்கம் 672. ஐநூறும் அதற்கு மேலும் என்றால் நாஷ்வில் தொழிற்சாலை. எல்லாம் பொருந்துகிறது. நடுவில் 387 என்று இருந்திருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆண்டில் அத்தனை நாள் இல்லை.

பொருந்துவதால் என்ன நிரூபணமாகிறது? முறை தெரிந்த யாரோ ஒருவர் எழுதிய எண் என்பது மட்டும்தான். அசல் கிட்டாரின் படத்திலிருந்து எண்ணைப் பார்த்து எழுதுவதும், ஒரே எண்ணைப் பல போலிகளில் பொறிப்பதும் வழக்கம். அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, வேறு நிறக் கிட்டார் ஒன்றில் அதே எண் கிடைத்தால் வேலை மிச்சம். எண் மரத்தில் அழுந்தாமல் மையில் இருந்தால் போலி என்று சொல்வதும் முழுச் சரியல்ல. 1970-களின் நடுவில் கிப்சனே ஒட்டுத்தாளில் எண் போட்டது. பழைய மாடல்களை மறுபடி செய்யும் கஸ்டம் ஷாப் கிட்டார்களில் மையில்தான் போடுகிறது. 1995 ஸ்டாண்டர்டில் எண் மரத்தில் அழுந்தியிருக்க வேண்டும், அதன் மேல் மெருகு ஓடியிருக்க வேண்டும். ஃபெண்டர் கிட்டார்களில் இது இன்னும் மோசம். அங்கே 1950-களின் நடுவிலிருந்து 1976 வரை எண் இருந்தது கழுத்தை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டில். சில திருகுகளைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். பழைய தகடுகள் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கும்.

நம் விளம்பரக்காரரின் பின்பக்கப் படத்தில் காதுக் கோடுகள் இல்லை. குறுக்கே நேர்கோடு ஒன்று ஓடுகிறது. தகட்டைக் கழற்றினால் ஆலன் குழி. எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கிப்சன் அல்ல.

இவையெல்லாம் தொழிற்சாலைப் போலிகளுக்குச் செல்லும். 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அவற்றைப் போலி செய்பவர்கள் தனித்த கைவினைஞர்கள். பழைய மஹோகனியைத் தேடி வாங்கி, ஒரே கட்டையில் வெட்டி, காதுகளையும் ஒட்டுகிறார்கள். அங்கே படங்கள் போதாது. கிட்டாரைக் கையில் வாங்கி, புறஊதா விளக்கின் கீழ் மெருகைப் பார்க்கவேண்டும். பின்மூடியைத் திறந்து, ஒலியளவுக் குமிழ்களின் அடியில் உள்ள எண்களைப் படிக்கவேண்டும். முதல் மூன்று இலக்கம் அவற்றைச் செய்த கம்பெனி, மீதி ஆண்டும் வாரமும். அந்தக் காலத்துக் குமிழ்களையும் சந்தையில் தனியாக விற்கிறார்கள் என்பதால், நிபுணர்கள் எண்ணோடு நிறுத்துவதில்லை. பற்றவைத்த ஈயம் ஒருமுறையாவது உருகி மறுபடி உறைந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.