இறங்கிய பிறகும் ஓடும் பஸ் கட்டணம்

ஜனவரியில் அப்பாக்களின் அலுவலகங்களில் ஒரு வேலை நடக்கும். பழைய வரி முறையில் இருப்பவர்களிடம் சேமிப்புக்கான சான்றுகளைக் கேட்பார்கள். குழந்தையின் பள்ளிக் கட்டணத்தில் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் வரிக் கழிவு உண்டு, பஸ் கட்டணத்துக்குக் கிடையாது. அதனால் மொத்தத் தொகை போட்ட ரசீது போதாது, பிரித்துக் காட்டும் ரசீது வேண்டும். பள்ளி அலுவலகத்தில் கேட்டு அதை வாங்கி வந்து பார்க்கும்போதுதான், குழந்தை எப்போதோ விட்டுவிட்ட பஸ்ஸுக்கு இன்னும் பணம் போய்க்கொண்டிருப்பது பல வீடுகளில் தெரியவருகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஆகஸ்டில் தாத்தா ஊரிலிருந்து வந்து இவர்களோடு தங்கினார். பேத்தியை ஸ்கூட்டரில் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஆகஸ்ட் 29 அவள் பஸ்ஸில் போன கடைசி நாள். அம்மா முந்தின நாளே டைரியில் எழுதி அனுப்பினார், வகுப்பாசிரியை கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் வரும் ஆயாவிடமும் சொல்லியாயிற்று. மாதா மாதம் 1,500 ரூபாய் பஸ் கட்டணம், கல்விக் கட்டணத்தோடு சேர்ந்து அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவந்தது. ஒரே தொகையாகப் போனதால் யாரும் கவனிக்கவில்லை. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதம், 7,500 ரூபாய்.

இதில் ஏமாற்று எதையும் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான பள்ளிகளில் பஸ்ஸைப் பார்ப்பவர் ஒருவர், பணத்தைப் பார்ப்பவர் வேறொருவர். எந்த நிறுத்தத்தில் எத்தனை பிள்ளைகள் என்பது போக்குவரத்துப் பொறுப்பாளரின் நோட்டில் இருக்கிறது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அலுவலகக் கணினியில் ஜூன் மாதமே ஏற்றப்பட்டுவிடுகிறது. யாராவது கைவைத்து நீக்கும்வரை அந்த வரி அப்படியே நிற்கும். அம்மா சொன்னது ஆயாவிடமும் டீச்சரிடமும்; இருவருக்கும் அந்தக் கணினியில் வேலையில்லை. செய்தி போய்ச் சேர வேண்டிய மேஜைக்குப் போகவே இல்லை.

ஆகவே கடிதம் எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியது, ஆண்டுத் தொடக்கத்தில் கையெழுத்துப் போட்ட பஸ் விண்ணப்பத்தை. அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் விதிகள் இருக்கும். சில பள்ளிகள் ஒரு மாத முன்னறிவிப்பு கேட்கின்றன. சில, ஆண்டின் நடுவில் நின்றாலும் முழு ஆண்டுக்கும் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுகின்றன. பள்ளியின் பக்கம் இதற்குக் காரணம் உண்டு. டிரைவர் சம்பளம், காப்பீடு, தகுதிச் சான்று இவையெல்லாம் பிள்ளை எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை, ஒரு இருக்கை காலியானால் அந்தச் செலவு அப்படியே நிற்கிறது. முழு ஆண்டு நிபந்தனையில் கையெழுத்திட்டவரின் கோரிக்கை பலவீனமானதுதான். அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அந்த இருக்கை வேறு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டதா? கொடுத்திருந்தால் ஒரே இருக்கைக்கு இருவரிடம் பணம் வாங்கப்பட்டிருக்கிறது. அதைக் கடிதத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நம் குடும்பத்தின் விண்ணப்பத்தில் இருந்தது ஒரு மாத முன்னறிவிப்பு. டைரியில் எழுதியது ஆகஸ்ட் 28. அதையே அறிவிப்பாக எடுத்துக்கொண்டாலும் செப்டம்பர் கட்டணம் பள்ளிக்குச் சேர வேண்டியது. இந்த இடத்தில் பலர் கோபத்தில் ஐந்து மாதத்தையும் கேட்டுவிடுகிறார்கள். பள்ளி அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிட வழி கிடைக்கிறது. செப்டம்பரைத் தாமே விட்டுக்கொடுத்து மீதி நான்கு மாதத்துக்கு 6,000 ரூபாய் கேட்கும் கடிதத்துக்கு அப்படி மறுப்புச் சொல்வது கடினம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. அந்த அம்மா இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆகஸ்ட் 29 வரை பள்ளிப் பேருந்தில் வந்தாள். அதன்பின் ஒரு நாளும் வரவில்லை. ஆகஸ்ட் 28 அன்று டைரி மூலம் இதைத் தெரிவித்தேன். வகுப்பாசிரியை கையொப்பமிட்ட பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். விண்ணப்ப விதிப்படி செப்டம்பர் மாதக் கட்டணத்தை ஏற்கிறேன். அக்டோபர் முதல் ஜனவரி வரை செலுத்தப்பட்ட 6,000 ரூபாயைத் திருப்பித் தரவும் அல்லது அடுத்த பருவக் கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். பிப்ரவரி முதல் பேருந்துக் கட்டணத்தை நீக்கி, திருத்திய கணக்கு விவரத்தைத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். பேருந்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தால் இவ்விவரங்கள் உறுதியாகும்.”

மேலே மகளின் பெயர், சேர்க்கை எண், பஸ் எண், ஏறும் நிறுத்தம். கீழே வங்கிக் கணக்கு அறிக்கையின் நகல். கடைசி வரிதான் கடிதத்தின் பலம். பிள்ளைகள் ஏறுவதையும் இறங்குவதையும் ஆயா குறித்துவைக்கும் பள்ளிகளில், அந்தப் பதிவேடு பள்ளியின் கையிலேயே இருக்கும் சாட்சி. அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை தர மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம்.

பள்ளி அசையாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பயன்படுத்தாத வசதி பற்றி உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 2021 மே மாதம் ஜோத்பூர் பள்ளி ஒன்று தொடர்ந்த வழக்கில், கொரோனா காலத்தில் மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்காக ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் 2020-21ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. பள்ளி முழுவதும் மூடிக் கிடந்த காலத்துக்கான தீர்ப்பு அது. ஒரு பிள்ளை மட்டும் பஸ்ஸை விட்டதற்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் தராத சேவைக்குப் பணம் வாங்கலாமா என்ற கேள்வி அதில் விவாதிக்கப்பட்டிருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. பள்ளியின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்துவைப்பார். 6,000 ரூபாய்க்கு அந்த வழியில் அலைவதைவிட, கடிதத்தின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் வங்கிக்குப் போய்த் தானியங்கிக் கழிவை நிறுத்திவிட்டால் கல்விக் கட்டணமும் சேர்ந்து நின்றுவிடும். அப்போது கணக்கில் உங்கள் பெயர் பாக்கிதாரர் பட்டியலில் ஏறும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும். பள்ளி பஸ் தொகையை நீக்கியபின் குறைந்த தொகைக்குப் புது அனுமதி கொடுப்பதே சரி.

பள்ளி இறங்கி வந்து, “அடுத்த டேர்ம்ல கழிச்சுக்கிறோம் மேடம்” என்று கணக்காளர் போனில் சொல்வதோடு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. அடுத்த ரசீதில் 6,000 ரூபாய் தனி வரியாகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஸ் கட்டணம் கணினியிலிருந்து நீங்காமல் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கும் ஏறியிருந்தால், அது நிலுவையாகக் கணக்கில் தூங்கும். சில ஆண்டுகள் கழித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போகும்போது, டைரிப் பக்கமும் தொலைந்து, ஆயாவும் வேலையை விட்டுப் போயிருக்கும் நேரத்தில், அந்தத் தொகையைக் கேட்பார்கள்.