இரவு எட்டு மணிக்கு வண்டி நிற்கக் கூடாது

சென்னையில் உணவு டெலிவரி செய்பவர்களுக்காகவே மின் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் பிராண்ட் உத்தியை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வரி, 'பெட்ரோல் செலவு மிச்சம்'. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ரைடர் நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் 100 ரூபாய் என்றால், ஆறு நாள் செலவு சுமார் 1,600 ரூபாய். பேட்டரி மாற்றுவதையும் சேர்த்து நிறுவனம் வாரம் 1,500 ரூபாய் வாடகை கேட்டால், சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு மிச்சம் நூறு ரூபாய். அதற்காக யார் மாறுவார்கள்?

வண்டியே இல்லாமல் இந்த வேலைக்கு வருபவரின் கணக்கு வேறு. இவருக்கு முன்பணம் இல்லை, தவணைக் கடன் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஸிப், யூலு போன்ற நிறுவனங்கள் ஏற்கெனவே வாடகை முறையில்தான் டெலிவரி ரைடர்களைப் பிடிக்கின்றன. ஆகவே 'யாருக்கு' என்ற இடத்தில் 'டெலிவரி ஊழியர்கள்' என்று பொதுவாக எழுதாமல், 'சொந்த வண்டி இல்லாத புது ரைடர்' என்றே எழுத வேண்டும். வண்டி வாங்க முடிந்தவருக்குத் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டே ஒரு வழி சொன்னது: இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேர் புதிய மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது வாக்குறுதி. 2 கிலோவாட் மணி பேட்டரி, கிலோமீட்டருக்கு 30 வாட் மணி செலவானால், 65 கிலோமீட்டர் வரை தாங்கும். காலை பதினொரு மணிக்கு முழு சார்ஜோடு கிளம்பியவருக்கு மாலை ஆறு, ஏழு மணிவாக்கில் அது தீரும். சாப்பாட்டு ஆர்டர் குவிய ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். அப்போது சார்ஜருக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய வருமானத்தில் பெரிய ஓட்டை. எனவே பக்கத்தின் நடுவில் இருக்க வேண்டியது ஒரே வரி: 'இரவு ஆர்டர் நேரத்தில் வண்டி நிற்காது.'

இதற்கு ஆதாரம் விளம்பரத்தில் இல்லை, வாடகை ரசீதில் இருக்க வேண்டும். மாற்று பேட்டரி பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அன்றைய வாடகை கிடையாது. இப்படிச் சொல்ல வேண்டுமானால் ஊர் முழுக்கக் கடை விரிக்க முடியாது. வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று நெருக்கமான பகுதியில் மட்டும் தொடங்க வேண்டும். பேட்டரி மாற்றும் இடங்கள் ஹோட்டல்கள் கூடியிருக்கும் தெருக்களில், மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். வேளச்சேரியில் அடைமழை பெய்தால் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செய்யக் கூடாததற்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஒதுக்கலாம். சோதனையில் கிடைத்த கிலோமீட்டரைப் போஸ்டரில் போடக் கூடாது. பின்னால் பையும் சுமையுமாக, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு அது கிடைக்காது. பச்சை இலைப் படமும் வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: இரவு ஏழு முதல் பத்து மணிக்குள் எத்தனை வண்டிகள் நின்றன, எத்தனை பேருக்கு வாடகை தள்ளுபடியானது.