கலெக்டர் கனவோடு ரயில் ஏறுகிறவளுக்கு

வீட்டில் முதல் ஆளாக ஒரு பெண்ணோ பையனோ வெளிமாநிலத்துக்குப் படிக்கப் போகிற செய்தி பரவினால், அன்று இரவுக்குள் கைபேசி நிறைந்துவிடும். "வாழ்த்துகள்", "குடும்பத்துக்கே பெருமை சேர்த்துட்ட", "இனிமே உங்க வீட்டுக் கஷ்டமெல்லாம் தீர்ந்துது", "நம்ம தெரு பேரைக் காப்பாத்து". அனுப்புகிறவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் படிக்கிறவர் இடத்தில் இருந்து பாருங்கள். ஒவ்வொரு வாழ்த்திலும் ஒரு கடமை ஒட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக் கஷ்டத்தைத் தீர்க்க வேண்டும், தெருப் பேரைக் காக்க வேண்டும். இன்னும் விடுதியில் கட்டில்கூட ஒதுக்கவில்லை, அதற்குள் கணக்குத் தொடங்கிவிட்டது.

பெருமையைச் சொல்ல வேண்டும், எதிர்பார்ப்பு இருப்பதையும் மறைக்கக் கூடாது, அதே நேரம் பாரத்தைக் கூட்டவும் கூடாது. இதை அழகாகச் செய்த ஒரு செய்தியை அண்மையில் படிக்கக் கிடைத்தது. சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் பெண், தில்லியில் பி.ஏ. வரலாறு படிக்கப் புறப்பட்ட தன் தோழிக்கு எழுதியது. இருவரிடமும் கேட்டுக்கொண்டு, ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டு, இங்கே தருகிறேன்.

போகிற பெண்ணின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறார். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தாத்தா பாட்டி காலத்திலிருந்து வீட்டில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு நம் அரசாங்கமே முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் போன்ற படிப்புகளுக்குக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். தில்லிக்குப் போகிற இவளுக்கு அது பயன்படாது என்றாலும், வீட்டின் மனநிலையை அந்த விதி அப்படியே காட்டுகிறது. ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது இவளுக்குக் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும், அவளும் சேர்த்து, நினைக்கிறார்கள்.

செய்தி இதுதான்:

"ஏ புள்ள, ரயில் ஏறிட்டியா? இதை இப்பப் படிக்காத. நாளைக்குப் பகல்ல, அழுகையெல்லாம் முடிச்சிட்டுப் படி.

உன்னை நினைச்சா எனக்கு அம்புட்டுப் பெருமையா இருக்கு. சீட்டு கிடைச்சதுக்காக மட்டும் இல்ல. பரீட்சை கம்ப்யூட்டர்லன்னு தெரிஞ்சதும், பழக்கமே இல்லாம நூலகத்துல போய் உக்காந்து மவுஸ் பிடிச்சுப் பழகினியே, அதுக்கு. வரலாறு படிச்சா என்ன வேலை கிடைக்கும்னு கேட்ட அத்தனை பேருக்கும் மூஞ்சியச் சுளிக்காம பதில் சொன்னியே, அதுக்கு.

அண்ணன் படிப்ப நிறுத்துனது உனக்கு உறுத்திக்கிட்டே இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அண்ணன் பைக் லோனுக்கு அலைஞ்சப்ப ஃபாரம் பூரா நிரப்பி, பேங்க்ல பேசி முடிச்சது யாரு? அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தது யாரு? அவுக உனக்குக் குடுத்த மாதிரி நீயும் அவுகளுக்குக் குடுத்திருக்க. அத மறந்துராத.

அப்பா ஊரெல்லாம் 'எம்மக கலெக்டருக்குப் படிக்கப் போறா'ன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அது அவரு சந்தோசம், சொல்லிக்கட்டும். நீ மொதல்ல இந்த செமஸ்டரப் படி. அம்மா செயின் அடகுல இருக்கறதும் தெரியும். அதுக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்கிறது அண்ணன் பொறுப்புன்னு அவரே சொல்லிட்டாரு. படிச்சு முடிக்கறதுக்குள்ள நீ அத மீட்டுத் தரணும்னு யாரும் கேக்கல.

எதுலயாச்சும் மார்க் கொறஞ்சு, வீட்டுல சொல்லத் தயக்கமா இருந்தா எனக்குப் போன் போடு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் உங்க வீட்டுப் பக்கம் போய் அம்மாவப் பாத்துட்டு வருவேன். பத்திரமாப் போயிட்டு வா புள்ள."

இந்தச் செய்தியில் 'குடும்பத்துக்கே பெருமை' என்ற சொற்றொடர் இல்லை. பெருமை என்பது எழுதுகிறவளின் பெருமையாக, "எனக்கு" என்று தொடங்குகிறது. எதற்காகப் பெருமை என்பதும் அவளுக்கு நேரே தெரிந்த காரியமாக இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் இளநிலை மாணவர்களைச் சேர்க்கிறது. கணினி முன் உட்கார்ந்து எழுதும் தேர்வு அது. தமிழ்வழி அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு மவுஸைப் பிடித்துப் பழகியதே ஒரு தனிப் பாடம். அதை ஒருத்தி பார்த்திருக்கிறாள், நினைவில் வைத்திருக்கிறாள். சீட்டு கிடைத்ததைப் பாராட்டினால், நாளை மதிப்பெண் குறையும்போது அந்தப் பாராட்டும் ஆட்டம் காணும். பழகிய உழைப்பைப் பாராட்டினால் அதை எந்த மதிப்பெண்ணும் திருப்பி வாங்க முடியாது.

அண்ணனைப் பற்றிய பத்திதான் இந்தச் செய்தியின் உயிர் என்று நினைக்கிறேன். முதல் தலைமுறை மாணவர்களிடம் காணப்படும் ஒரு குற்ற உணர்வை அமெரிக்க உளவியலாளர்கள் ரெபெக்கா கோவருபியாஸ், ஸ்டெஃபனி ஃப்ரைபெர்க் ஆகியோர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வீட்டில் மற்றவர்கள் கஷ்டப்படும்போது நான் மட்டும் படிக்கிறேனே, எனக்கு மட்டும் நல்ல சாப்பாடும் நல்ல நூலகமும் கிடைக்கிறதே என்ற உறுத்தல் அது. பெற்றோர் கல்லூரி போயிருந்த மாணவர்களைவிட முதல் தலைமுறை மாணவர்களிடம் அது அதிகமாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. குடும்பத்துக்கு ஒரு பிரச்சினையில் தான் உதவிய சமயத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, அந்த உறுத்தல் குறைந்தது.

சிவகாசிப் பெண் இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பைக் கடன் படிவத்தையும் அம்மாவின் கையெழுத்தையும் எடுத்துச் சொன்னபோது அதே வேலையைத்தான் செய்தாள். "அதெல்லாம் நினைச்சு வருத்தப்படாத" என்று எழுதியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. வருத்தப்படாதே என்று சொல்லி யாருக்கும் வருத்தம் நின்றதில்லை. வாங்கிக்கொண்டவள் மட்டுமல்ல, கொடுத்தவளும்தான் என்பதற்கு அவள் இரண்டு சாட்சி வைத்தாள். உங்கள் தோழருக்கு எழுதும்போது இந்த இரண்டு சாட்சிகளைத் தேடி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தது, தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, ஆஸ்பத்திரியில் பாட்டிக்குத் துணை இருந்தது என்று எல்லா முதல் தலைமுறைப் பிள்ளைகளின் வாழ்க்கையிலும் இருக்கும். வீட்டில் எழுத்து தெரிந்தவர் என்பதால் சிறு வயதிலேயே எல்லா அலுவலகத்துக்கும் அலைந்தவர்கள் அவர்கள்.

அடுத்து அப்பாவின் கலெக்டர் பேச்சு. இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம், அந்தப் பெண்ணுக்கு வராது. ஆட்டோ ஸ்டாண்டில் அப்பா பத்துப் பேரிடம் சொன்ன வாக்கு அது. பி.ஏ. வரலாறு மூன்று ஆண்டுப் படிப்பு, நான்காம் ஆண்டும் படிக்கலாம். அதற்குப் பிறகு எழுதும் குடிமைப் பணித் தேர்வோ முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்று கட்டமாக நடப்பது. பல ஆண்டு உழைத்தும் பலருக்குக் கிடைக்காமல் போவது. அப்பாவுக்கு இந்தத் தூரம் தெரியாது. அவருடைய மகிழ்ச்சியை மறுக்கவும் முடியாது, அந்த வாக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் முடியாது. தோழி இரண்டையும் பிரித்துவிட்டாள். மகிழ்ச்சி அப்பாவுடையது, செமஸ்டர் உன்னுடையது. அப்பாவைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. வீட்டை விட்டுக்கொடுத்து ஆறுதல் சொன்னால் கேட்கிறவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

'இனிமேல் நீ சுதந்திரப் பறவை, உன் வழி உன் கையில்' என்று எழுதுவது நவீனமான வாழ்த்து போலத் தோன்றும். ஆனால் நிக்கோல் ஸ்டீபன்ஸும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வரவேற்புக் கடிதத்தை இரண்டு விதமாக எழுதி அமெரிக்க மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒன்று, உன் பாதையை நீயே தனித்துத் தேடு என்றது. மற்றொன்று, பலரோடு சேர்ந்து கற்கும் இடம் இது என்றது. பிறகு சில புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். முதல் கடிதத்தைப் படித்த முதல் தலைமுறை மாணவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். இரண்டாவது கடிதத்தைப் படித்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கடிதம் வாழ்க்கையை மாற்றிவிடும் என்று இதற்குப் பொருளில்லை, அது சின்னச் சோதனைதான். ஆனாலும் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எழுதும்போது மனதில் வைக்கத்தக்கது. சிவகாசிப் பெண் 'பறந்து போ' என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கிறேன் என்று எழுதினாள். தூரத்தில் இருக்கிற மகளால் செய்ய முடியாத ஒன்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அனுப்பிய நேரமும் சரியானது. சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலையில்தான் புதுதில்லி. வழியனுப்பும் கூட்டத்தில் எந்தச் செய்தியும் மனதில் நிற்காது. நடுவில் வரும் அந்த நீண்ட பகல்தான் படிக்க ஏற்ற நேரம்.

ஒரே செய்தியோடு விட்டுவிடவும் கூடாது. உண்மையான சிரமம் ஒன்றரை, இரண்டு மாதத்தில் தொடங்கும். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, உள்மதிப்பீட்டில் வரும் முதல் மதிப்பெண், தெரியாத இந்தி. வீட்டுக்குப் பேசும் நேரம் சுருங்குவதுதான் முதல் அடையாளம். "நல்லா இருக்கேன், சாப்டேன், வைக்கட்டுமா" என்று ஒரு நிமிடத்தில் முடிகிற அழைப்புகள் தொடர்ந்து வந்தால், வீட்டுக்குச் சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். பெருமையைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். பொங்கல் நெருங்கும்போது இன்னொரு முறை உறுத்தும், அங்கே நம் ஊர் போல நான்கு நாள் விடுமுறை கிடையாது.

அந்தச் சமயத்தில் தோழி எழுதிய இரண்டாவது செய்தியையும் பார்த்தேன். மார்க் பற்றிக் கேட்கவில்லை. மெஸ்ஸில் சோறு போடுகிறார்களா, சப்பாத்தியா, பக்கத்து அறைப் பெண் எந்த ஊர், குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டாயா என்று கேட்டிருந்தாள். பதில் நாலு நீளமான குரல் செய்திகளாக வந்திருந்தது. மூன்றாவதில், ஒரு பேப்பரில் மதிப்பெண் குறைந்ததை அவளாகவே சொல்லியிருந்தாள். பேராசிரியரின் அலுவல் நேரத்தில் போய்ப் பார்க்கச் சொன்னாள் தோழி. அவளும் மறுநாளே போய்ப் பார்த்திருக்கிறாள்.