விபத்து அறிக்கையை மேலே அனுப்பும்போது

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது ஷிஃப்ட். பவர் பிரஸ்ஸில் டைக்கு நடுவே சிக்கிய தகட்டை எடுக்கக் கை நீட்டிய ஆபரேட்டருக்கு வலது ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுக்கள் போய்விட்டன. உதாரணத்துக்காக நான் அமைத்துக்கொண்ட சம்பவம் இது. ஆனால் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, சூப்பர்வைசர் சம்பவ அறிக்கையை எழுதி நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார். பொருள் வரியில் ‘Fwd: Report’. உள்ளே, ‘சார், இணைப்பைப் பார்க்கவும்’. கடமை முடிந்தது என்று அவர் வீட்டுக்குப் போகிறார். மேலாளர் அதைத் திறப்பது மறுநாள் மதியம். அதற்குள் பிரஸ்ஸைத் துடைத்து, அடுத்த ஷிஃப்ட் ஓட்டி, பழுதான சென்சாரையும் மாற்றியாயிற்று.

இடையில் போன அந்தப் பதினைந்து மணி நேரத்துக்குச் சட்டத்தில் கணக்கு உண்டு. இஎஸ்ஐ விதிகளின்படி, காயம்பட்டவர் தன் விபத்தைப் பற்றி எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். முதலாளியிடமே சொல்ல வேண்டும் என்பதும் இல்லை, ஃபோர்மேனிடமோ சூப்பர்வைசரிடமோ சொன்னால் செல்லும். விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறினால் அதுவும் அறிவிப்புதான். ஆக, சூப்பர்வைசருக்குத் தெரிந்த நிமிடத்திலேயே நிறுவனத்துக்குத் தெரிந்ததாகிவிடுகிறது. அதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை போக வேண்டும். உயிரோ உறுப்போ போன, அல்லது நிரந்தர ஊனம் ஏற்படக்கூடிய விபத்தென்றால் அந்த 48 மணி நேரமும் கிடையாது, உடனடியாக அனுப்ப வேண்டும். விரல் துண்டானது இந்த இரண்டாவது வகை. மின்னஞ்சல் மேலாளரின் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்த ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்தின் தாமதம்தான்.

தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிப்பது தனி வேலை. அங்கும் 48 என்ற எண் வருவதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது அறிக்கை அனுப்புவதற்கான கெடு அல்ல. விபத்துக்குப் பின் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதற்கான அளவுகோல். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபிறகும் இந்த அளவு மாறவில்லை. படிவங்களின் எண்கள் மாறக்கூடும் என்பதால், மின்னஞ்சலில் ‘இத்தனையாம் எண் படிவம்’ என்று எழுதாமல் ‘இஎஸ்ஐக்கான விபத்து அறிக்கை’, ‘ஆய்வுத் துறைக்கான விபத்து அறிவிப்பு’ என்று பெயர் சொல்லி எழுதுவது நல்லது.

பொருள் வரிக்கு வருவோம். கைப்பேசியில் அதன் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். என்ன நடந்தது, எங்கே என்பது முதலில் வர வேண்டும். பிறகு நேரம். கடைசியில், படிப்பவர் செய்ய வேண்டியது. காயம்பட்டவரின் பெயர் பொருள் வரியில் வேண்டாம். அந்த வரி மேசை மேசையாகத் தாவும், யார் யார் திரையிலோ தெரியும். பெயரும் காப்பீட்டு எண்ணும் அறிக்கைக்குள் இருந்தால் போதும். ‘அவசரம்’ என்ற சொல்லையும் நான் சேர்க்கமாட்டேன். டீ கூப்பன் பற்றிய மின்னஞ்சலுக்கும் அதைப் போட்டுப் போட்டு அந்தச் சொல் எப்போதோ தேய்ந்துவிட்டது.

அந்த இரவு போயிருக்க வேண்டிய மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

பொருள்: விரல் துண்டிப்பு விபத்து – பிரஸ் ஷாப், மெஷின் 4 – 12ஆம் தேதி இரவு 8.50 – மெஷின் 3, 5 நிறுத்த இன்றிரவே அனுமதி தேவை

சார், வணக்கம்.

இன்று இரவு 8.50க்கு மெஷின் 4-இல் ஆபரேட்டர் ஒருவருக்கு வலது ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுக்கள் துண்டாகிவிட்டன. முதலுதவி கொடுத்து 9.10க்கு ஆம்புலன்ஸில் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறோம். டைம் ஆபீஸ் ஊழியர் ஒருவர் உடன் இருக்கிறார். காயம்பட்டவரின் மனைவிக்கு 9.20க்கு போனில் சொல்லிவிட்டேன்.

விபத்துக்குப் பின் நான் பார்த்தபோது லைட் கர்டனின் விளக்கு எரியவில்லை. அது வேலை செய்யவில்லை என்று 9ஆம் தேதி மெயின்டனன்ஸ் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது. விபத்து நேரத்தில் அது இணைப்பில் இருந்ததா என்பது இன்னும் தெரியவில்லை.

மெஷின் 4-இன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டியிருக்கிறேன். சாவி செக்யூரிட்டியிடம். பாதுகாப்பு அலுவலர் பார்க்கும்வரை யாரும் துடைக்கவோ ஓட்டவோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மெஷின் 3, 5 இரண்டிலும் அதே வகை லைட் கர்டன். மூன்றாம் ஷிஃப்ட் தொடங்கும் முன் அவற்றை நிறுத்த உங்கள் அனுமதி வேண்டும். இஎஸ்ஐக்கான விபத்து அறிக்கையை எச்.ஆர். காலை 9 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆய்வுத் துறைக்கான அறிவிப்பு பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு. நாளை காலை 11 மணிக்கு இதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக நிலவரம் எழுதுகிறேன்.

இணைப்பு: சம்பவ அறிக்கை, விபத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் படம், 9ஆம் தேதி மெயின்டனன்ஸ் குறிப்பின் படம், மெஷினின் நான்கு படங்கள்.

இவ்வளவுதான். இதில் ‘அஜாக்கிரதை’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரஸ் ஷாப் அறிக்கைகளில் அந்தச் சொல் கை தானாக எழுதிவிடுகிற சொல். எழுதியவருக்கு அப்போது அது வெறும் வழக்கம். பின்னால் அதைப் படிப்பவர்களுக்கு, ஆளின் தவறை நிர்வாகம் அன்றே கண்டுபிடித்துவிட்டதுபோலத் தோன்றும். இஎஸ்ஐ சட்டத்தின் அடிப்படையோ வேறு. வேலைநேரத்தில் நடந்த விபத்து வேலையால் நடந்ததாகவே கொள்ளப்படும், மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். தொழிலாளி ஒரு விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காக அதைச் செய்திருந்தால் உரிமை போய்விடாது. சிக்கிய தகட்டை எடுக்கக் கை நீட்டியது யாருடைய வேலைக்காக? அதனால் சூப்பர்வைசர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். ஊகத்தை எழுதியே ஆக வேண்டுமென்றால், தெரியவில்லை என்ற சொல்லோடு எழுதட்டும்.

மேலே உள்ள மின்னஞ்சலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளும் பெரும்பாலும் ஒரு நேரமும் இருக்கின்றன. ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வாக்கியத்தில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதை யாரும் செய்யமாட்டார்கள். பெறுநர் கட்டத்துக்கும் இதே கதிதான். அங்கே ஆறு பேரைப் போட்டால் ஆறு பேரும் மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பார்கள். முடிவெடுக்கக்கூடிய ஒருவர், அதாவது தொழிற்சாலையின் மேலாளராகப் பதிவில் இருப்பவர், மட்டும் பெறுநராக இருக்கட்டும். எச்.ஆர்., பாதுகாப்பு அலுவலர், மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் ஆகியோருக்கு நகல் போதும். மெஷினை நிறுத்துவது போன்ற முடிவுக்கு மின்னஞ்சலை மட்டும் நம்பக்கூடாது. அனுப்பியதும் போன் செய்து, போனில் கிடைத்த பதிலை அதே மின்னஞ்சலின் கீழ் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும்.

இணைத்த அறிக்கையைப் பிறகு திருத்த நேர்ந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்காதீர்கள். நேரத்தைத் தவறாக எழுதியிருந்தால்கூட ‘திருத்தம்’ என்று தேதியோடு இரண்டாவது அறிக்கையை அனுப்புங்கள். இரண்டு அறிக்கைகள் இருப்பதை விளக்கிவிடலாம். காணாமற்போன முதல் அறிக்கையை எந்த விசாரணையிலும் விளக்க முடியாது.

இந்த மின்னஞ்சல் சரியாகப் போனால் அந்த ஆபரேட்டருக்கு என்ன கிடைக்கும்? அவர் சம்பளம் மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 21,000 வரை சம்பளம் உள்ளவர்கள் இஎஸ்ஐக்குள் வருவார்கள். நாள் சம்பளம் சுமார் 600 ரூபாய். காயம் ஆறி வேலைக்குத் திரும்பும்வரை தற்காலிக ஊனப் பயனாக அதில் 90 சதவீதம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 540 ரூபாய். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. பிறகு மருத்துவக் குழு ஊனத்தை மதிப்பிடும். ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 11 சதவீத இழப்பு. அந்த விகிதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 59 ரூபாய், வாழ்நாள் முழுக்க. ஒரு கணு என்றால் 9 சதவீதம்தான். ‘விரலில் காயம்’ என்று பொதுவாக எழுதாமல் எந்தக் கை, எந்த விரல், எத்தனை கணு என்று அறிக்கையிலேயே தெளிவாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இடறும் இடங்கள் தெரிந்தவைதான். ஆளைத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போய்த் தையல் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் ‘விடுப்பு’ என்று எழுதிவிடுவது ஒன்று. விபத்து நடந்தபிறகு அவசரமாக இஎஸ்ஐயில் பதிவு செய்வது இன்னொன்று. குருகிராம், ஃபரிதாபாத் பகுதிகளில் பிரஸ்ஸில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா அமைப்பு, பலருக்கு இஎஸ்ஐ அட்டை கிடைத்ததே விபத்துக்குப் பின்புதான் என்று தன் ‘கிரஷ்ட்’ அறிக்கைகளில் பதிவு செய்திருக்கிறது. வேலைக்கு எடுத்த 10 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. அறிக்கையில் காப்பீட்டு எண்ணைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் ‘பின்னர்’ என்று இருந்தால், அங்கே ஏதோ சரியில்லை என்று நகல் பெற்ற எல்லோருக்கும் புரிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்றாலும் முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. ‘கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்’ என்பது அடுத்த நடவடிக்கை ஆகாது.

நிர்வாகம் அறிக்கையைப் பதிவு செய்யவில்லை என்று தெரிந்தால், தொழிலாளியோ குடும்பத்தினரோ நேராக இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். மெஷினின் பாதுகாப்பு பற்றிய புகார் தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போக வேண்டும். மருத்துவக் குழு சொன்ன சதவீதத்தை ஏற்க முடியாவிட்டால் மேல்முறையீடு செய்ய 3 மாத அவகாசம் உண்டு. தற்காலிக ஊனப் பயன் பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

பதில் வராத சூப்பர்வைசர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்காமல், பழையதற்கே ‘அனைவருக்கும் பதில்’ கொடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மறுநாள் காலை எழுத வேண்டும். அப்போது தேதியும் நேரமும் ஒரே இழையில் இருக்கும். பயத்தில் அதைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளத் தோன்றும். பல நிறுவனங்களில் அது விதிமீறல் என்று அவர் மேலேயே திரும்பும். விபத்துப் பதிவேட்டில் தன் கையெழுத்தும் நேரமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் நகலைக் காயம்பட்டவருக்கும் கொடுக்கும்படி எச்.ஆரிடம் அதே இழையில் கேட்பது அதைவிடப் பாதுகாப்பு.