ஆறு புள்ளி முன்னிலை கரைந்தது எப்படி?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, விஸ்கான்சின் மாநிலத்தில் மார்க்வெட் சட்டக் கல்லூரியின் கருத்துக்கணிப்பு வெளிவந்தது. ஹிலாரி கிளின்டனுக்கு 46 சதவீதம், டிரம்புக்கு 40. பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3.5. வென்றவரோ டிரம்ப், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.

அந்த 3.5 என்ன சொல்கிறது? இதே முறையில் 100 முறை கணிப்பு எடுத்தால், சுமார் 95 முறை ஒருவரின் உண்மையான ஆதரவு, கணிப்பு சொன்ன எண்ணுக்கு 3.5 புள்ளி மேலோ கீழோ உள்ள எல்லைக்குள் இருக்கும். பலரும் தவறவிடுவது அடுத்த விஷயம்: இந்த வரம்பு ஒவ்வொருவரின் எண்ணுக்கும் தனித்தனியானது. ஒருவருக்குக் கூடினால் பெரும்பாலும் மற்றவருக்குக் குறையும் என்பதால், இருவருக்கும் இடையிலான இடைவெளியின் பிழை ஏறக்குறைய இரு மடங்கு. இங்கே சுமார் 6.5. ஆறு புள்ளி முன்னிலை அதற்குள் அடங்கிவிடுகிறது. அதை வெற்றி என்று எழுதியிருக்கவே கூடாது.

ஆனால் பழி முழுவதையும் தற்செயல்மீது போட முடியாது. கிளின்டனின் 46 கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. டிரம்ப் 47-ஐத் தாண்டினார். கடைசி நாட்களில் முடிவெடுத்தவர்கள் பெருமளவில் அவர் பக்கம் சாய்ந்தார்கள். கேள்வி கேட்டு முடித்த பிறகு மாறும் மனமும், பதில் சொல்ல மறுப்பவர்களின் வாக்கும் பிழை வரம்பின் கணக்கில் சேர்வதில்லை. மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கோளாறு தீராது.