எத்தனை விசில் விட்டாலும் வேகாத நார்

சாம்பாரில் முருங்கைக்காய் நாராக இருந்தால் பழி முதலில் அடுப்படிக்குத்தான் போகும். "இன்னும் ரெண்டு விசில் விட்டிருக்கலாமே" என்பார் சாப்பிடுகிறவர். சமைத்தவரும் அடுத்த முறை ரெண்டு விசில் கூடவே விட்டுப் பார்ப்பார். காய் வெடித்து, சதையெல்லாம் குழம்பில் கரைந்து, தட்டில் வெறும் தோலும் நாருமாக மிஞ்சும். நார் மட்டும் கொஞ்சமும் இளகியிருக்காது. முற்றிய முருங்கைக்காயை அடுப்பில் வைத்து இளசாக்க முடியாது. அது மரத்தில் இருக்கும்போதே முடிந்துவிட்ட காரியம்.

குறுக்கே வெட்டிய ஒரு துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே பச்சைத் தோல், அதில் நீளவாக்கில் ஓடும் வரப்புகள். தோலுக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல் நார் அடுக்கு. அதற்கும் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போன்ற சதை. அந்தச் சதையில் புதைந்து விதை. நாம் சாப்பிடுவது சதையையும் விதையையும்தான். தோலோரத்து நாரை எப்படியும் மென்று துப்பிவிடுகிறோம், அதில் யாருக்கும் குறையில்லை. சதை வற்றி, விதை கல்லாகி, மென்றால் வாய் முழுக்க நாராக வரும்போதுதான் மனம் நோகிறது.

இந்த நாரை மரம் நமக்காக வளர்க்கவில்லை. முருங்கையின் விதைக்கு மூன்று இறகுகள் உண்டு. காற்றில் பறந்து விழுவதற்கு. அதற்குக் காய் மரத்திலேயே காய்ந்து, நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, விதையை வெளியே விட வேண்டும். அப்படிப் பிளக்கிற அளவுக்குக் காயின் சுவர் விறைப்பாக வேண்டும் என்பதால், பிஞ்சிலேயே இருக்கும் நார் இழைகளில் நாளாக ஆக லிக்னின் என்ற பொருள் படிகிறது. கட்டையைக் கட்டையாக்குவதும் இதே லிக்னின்தான். அதாவது முற்றுகிற காயின் சுவர் மெல்ல மெல்ல மரமாகிறது.

லிக்னினும் அடுப்பும் ஒத்துப்போகாத சங்கதி இங்கேதான் வருகிறது. காய்கறி வேகிறது என்றால் பெரும்பாலும் அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கொதிநீரில் இளகிக் கரைகிறது என்று பொருள். கத்தரிக்காய் குழைவதும் உருளைக்கிழங்கு மசிவதும் அதனால்தான். முருங்கைச் சதையும் அப்படித்தான் வேகும். லிக்னின் அப்படிக் கரையாது. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை போகும், அவ்வளவுதான். காகித ஆலையில் கட்டைத் துண்டுகளிலிருந்து லிக்னினைப் பிரிக்கக் காஸ்டிக் சோடா முதலான கடுங்காரங்களில் போட்டு 170 டிகிரி வரை கொதிக்க வைக்கிறார்கள். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் காய் பூப்போல வெந்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேகும், ஆனால் வேகிறது சதை மட்டும்தான். அதுவும் கொழகொழத்து, சோப்பு வாடையோடு. நார் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எத்தனை நாளில் முற்றும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வந்த பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை, விதைத்த மூன்று மாதத்துக்குச் சற்று மேல் பூக்கும். ஐந்தரை, ஆறு மாதத்தில் முதல் பறி. ஆகப் பூவிலிருந்து பறிக்கிற காய் வரைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் முதல் சில வாரங்கள் காய் பென்சில் தடிமன்தான் இருக்கும். அப்போது நாரும் கிடையாது, சதையும் கிடையாது. பிறகு சதை பிடிக்கும், விதை திரளும். சாம்பாருக்குச் சரியான காய் சதை நிறைந்து, விதை இன்னும் இறுகாமல் இருக்கும் கொஞ்ச நாளில்தான் கிடைக்கிறது. அந்த நாளைத் தாண்டினால் சதையின் ஈரம் வற்றத் தொடங்கும், விதையின் இறகு காகிதம் போலாகும். பறிக்க வேண்டியவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே வித்தியாசம் தெரியும். விலை சரிந்து பறிகூலிகூடக் கட்டாத நேரத்தில் காயை மரத்திலேயே விட்டுவைப்பார்கள். சித்திரை, வைகாசியில் காய் குவிந்து விலை இறங்கும்போது வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கடையில் பலரும் ஏமாறுவது நீளத்தில். நீளக் காய் முற்றல், குட்டைக் காய் பிஞ்சு என்று நினைத்துவிடுகிறோம். நீளம் ரகத்தைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததல்ல. பி.கே.எம்.1 காய் இரண்டடிக்கு மேல் போகும், அடுத்து வந்த பி.கே.எம்.2 நாலடியையும் தொடும். சாவகச்சேரி முருங்கை மூன்றடி சர்வசாதாரணம். வெற்றிலைக் கொடிக்காலில் வளர்க்கும் கொடிக்கால் முருங்கையோ முக்கால் அடிக்கு மேல் போகாது, ஆனால் சதைப் பிடிப்பான காய். செம்முருங்கையின் நுனியில் இருக்கும் சிவப்பும் முற்றலுக்கு அடையாளமல்ல, அதன் குணம் அது. ஆகவே அளவையும் நிறத்தையும் ஒதுக்கிவிட்டு விரலை நம்புவது நல்லது.

காயின் மேல் விரலை நீளவாக்கில் ஓட்டுங்கள். இள காயில் அடி முதல் நுனி வரை ஒரே சீராகப் போகும். முற்றிய காயில் விதை இருக்கும் இடமெல்லாம் மேடாகவும் இடையே பள்ளமாகவும் தட்டும். லேசாக மேடு தட்டினால் பரவாயில்லை, சதை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு விதையையும் எண்ணிவிடலாம் என்றால் வைத்துவிடலாம்.

அடுத்து, ஊரறிந்த முறை: முறுக்கிப் பார்ப்பது. காயின் இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதைப் போல மெல்ல முறுக்கினால் இள காய் வளைந்து கொடுக்கும், முற்றல் அசையாது. "அம்மா, ஒடிச்சுடாதீங்க, அப்புறம் வேற யாரும் வாங்க மாட்டாங்க" என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதும் நியாயம்தான், அரைச் சுற்றுக்கு மேல் தேவையே இல்லை. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று நாள் கடையில் கிடந்து வாடிய காயும் வளைந்து கொடுக்கும். அது இளமையால் வளைவதில்லை, தண்ணீர் வற்றியதால் வளைகிறது. இரண்டையும் பிரித்தறிய, வளைத்த கையை விட்டுப் பாருங்கள். புதுக் காய் சட்டென்று நிமிரும். வாடிய காய் வளைந்தபடியே தொங்கும், தோலில் சுருக்கமும் தெரியும். வாடிய காயை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டால் விறைப்பு ஓரளவு திரும்பும், இளமை திரும்பாது. அதை வாங்கிவைக்காமல் இருப்பதே மேல். காயின் மேல் கோந்து கசிந்து காய்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஈ துளைத்த காய், உள்ளே அழுகியிருக்கலாம்.

இப்படியெல்லாம் பார்த்தாலும் கட்டாகக் கட்டிவைத்த காயை வாங்கினால் கலந்துதான் வரும். ஐந்து காய் உள்ள ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சுண்டுவிரலை விட மெலிது, மூன்று நடுத்தரம், ஒன்று விதை புடைத்தது. ஐந்தையும் ஒரே பானையில் போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. மெலிந்ததை அரை அங்குலத் துண்டாக நறுக்கி, பீன்ஸ் போலப் பொரியல் செய்துவிடலாம். தோலோடு சாப்பிடலாம், துப்ப எதுவும் இருக்காது. சாம்பாரில் போட்டால் அதில் சதையே கிடைக்காது. நடுத்தரம் மூன்றும் சாம்பாருக்கு. புடைத்ததைக் கடைசியில் பார்ப்போம்.

நடுத்தரக் காயை இரண்டங்குலத் துண்டாக நறுக்கும்போது கத்தியை முழுக்க இறக்காமல், கடைசித் தோலை அறுக்காமல் இழுத்தால் மேல்நார் பட்டையாக உரிந்து வரும். அந்தப் பட்டையின் தடிமனே காயின் வயதைச் சொல்லிவிடும். இரண்டு மூன்று பட்டை உரித்தால் போதும். சுற்றிலும் சீவி எடுத்துவிட்டால் சதையைத் தாங்க எதுவும் இல்லாமல் துண்டு குழம்பிலேயே பிரிந்துபோகும்.

பிறகு வரிசை முக்கியம். துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு போட்டு மூடிவைத்து எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிடுங்கள். கரண்டிக் காம்பால் சதையை அழுத்தினால் பதிய வேண்டும், துண்டு மட்டும் உடையக்கூடாது. அப்புறம்தான் புளித்தண்ணீர். புளிப்பு பெக்டினை இளக விடாது, முதலிலேயே புளியில் போட்ட காய் எத்தனை நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். இள காயைக்கூட இப்படி நாராகத் தோன்றவைக்க முடியும். பலர் வீட்டில் நடப்பது இதுதான் என்று எனக்குச் சந்தேகம். புளிக்குழம்பு என்றால் எண்ணெயில் வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, முக்கால் பதம் வெந்தபின் புளியை ஊற்றலாம். யாழ்ப்பாணத்தில் இரண்டாம் தேங்காய்ப்பாலில் காயை வேகவிட்டு முதற்பாலைக் கடைசியில் சேர்ப்பார்கள். காய் வெந்தபின் மற்றதைச் சேர்ப்பது என்ற வழக்கம் அங்கும் உண்டு. பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பருப்பு வேகிற நேரத்தில் முருங்கைச் சதை பருப்பில் கலந்துபோகும்.

மீந்த காயை முழுசாகக் குளிர்சாதனப் பெட்டியில் திணிக்க முடியாது. துண்டாக்கி, ஈரமில்லாமல் காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து, உறைபெட்டியில் வைக்கலாம். எடுத்ததும் இளகவிடாமல் நேரே குழம்பில் போட வேண்டும்.

விதை புடைத்த அந்த ஐந்தாவது காயைத் தூக்கிப்போட வேண்டாம். துண்டாக்கி, இதற்கு மட்டும் குக்கரில் நாலு விசில் விடலாம். சதை கரைந்தாலும் நமக்கு நல்லதுதான். ஆறியதும் துண்டை நடுவே பிளந்து, கரண்டியால் சதையை வழித்தெடுங்கள். விதை இன்னும் பச்சையாக, நகத்தால் அழுத்தினால் பிளக்கிறதென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பழுப்பாகிவிட்டால் எடுத்துப் போட்டுவிடலாம், கசக்கும். வழித்ததைத் தண்ணீர் சேர்த்து மசித்து, கண் அகலமான வடிகட்டியில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குங்கள். கீழே வருவதில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் சூப்பு; வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கி அதிலேயே கிளறி இறுக்கினால் சோற்றுக்கு மசியல்.